இலையைத் தொட்டு எ என்கிறது குழந்தை: உயிரெழுத்துப் பாட்டு ஸ்கிரிப்ட், எட்டு மாதத்துக்குப் பிறகு

குழந்தைகளுக்கான இந்த உயிரெழுத்துப் பாட்டு ஸ்கிரிப்டை அப்படியே படம் பிடிக்கலாமா என்று தோழி ஒருவர் கேட்டதால் எழுதுகிறேன்.

முதலில் தாளம். இதைப் போல் யோசித்துச் செய்த ஸ்கிரிப்ட் குறைவு. நிமிடத்துக்கு 80 தட்டு, ஒரு எழுத்துக்கு 16 தட்டு, அதாவது 12 விநாடி. பன்னிரண்டு எழுத்தும் 2 நிமிடம் 24 விநாடியில் முடிகின்றன. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்ற இலக்கணத்தைக் கைத்தட்டலாகவே மாற்றியிருக்கிறார்கள். 'அ' ஒரு தட்டோடு நின்றுவிடும், அடுத்த தட்டு மௌனம். 'ஆ' இரண்டு தட்டுக்கும் நீளும். அந்த மௌனத்தில் இசையை நிரப்பினால் பாடுபவர் தன்னையறியாமல் 'அ'வை இழுத்துவிடுவார். பிறகு அதற்கும் 'ஆ'வுக்கும் வித்தியாசமே இருக்காது. ஒவ்வொரு எழுத்திலும் கடைசி நான்கு தட்டு குழந்தை திருப்பிச் சொல்ல. அங்கே குரலே கூடாது.

இவ்வளவு பார்த்துச் செய்தவர்கள் படத்துக்கு மட்டும் பழைய சுவரொட்டியை எடுத்துக்கொண்டார்கள். 'இ'க்கு இலை, 'உ'வுக்கு உரல். எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் வருவது இங்கேதான். வீட்டில் யார் 'இலை' என்கிறார்கள்? 'எலையப் போடு' என்றுதானே பேச்சு? அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வந்தால் பேச்சில் இகரம் எகரமாகவும் உகரம் ஒகரமாகவும் இறங்கிவிடும். இடம் எடமாகிறது, உடம்பு ஒடம்பாகிறது, உரல் ஒரலாகிறது.

சோதிப்பது எளிது. இலைப் படத்தையும் எலிப் படத்தையும் அருகருகே வைத்து, 'எ எங்கே?' என்று கேளுங்கள். இரண்டரை வயதுக் குழந்தை இலையைத் தொட்டால் காதில் குறையில்லை. கேட்டதைத்தான் சொல்கிறது. அதைத் திருத்தப் போனால் தன் காதையே நம்பாமல் போகும்.

மாற்றுவதும் கடினமில்லை. இலைக்குப் பதில் இட்லி, உரலுக்குப் பதில் உண்டியல். இரண்டிலும் அடுத்த அசை இகரம் என்பதால் முதல் ஒலி இறங்காது. உப்பும் ஒலிக்குச் சரிதான், ஆனால் படத்தில் சர்க்கரை மாதிரி இருக்கும். 'ஐ'க்குப் போட்ட ஐந்து வீட்டில் அஞ்சுதான். ஐஸ் போடுங்கள். தமிழ்ச்சொல் இல்லையே என்பார்கள், இந்த வயதில் ஒலிதான் முக்கியம். 'ஔ'வுக்கு ஔவையை அப்படியே விட்டுவிடலாம், வேறு நல்ல படம் இல்லை.

ஒவ்வொரு எழுத்தும் சரியாக 12 விநாடி என்பதால் இந்த மூன்று துண்டுகளை மட்டும் புதிதாகப் பதிவு செய்து பழைய இடத்தில் பொருத்தலாம். மற்ற ஒன்பதும் அசையாது. பாடுபவரை ஒவ்வொரு சொல்லையும் முதலில் சாதாரணப் பேச்சில் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு மைக்கை இயக்குங்கள்.

தாளத்துக்கு முழு மதிப்பெண். ஆனால் மூன்று துண்டும் மாறாமல் இதை எந்தக் குழந்தைக்கும் போட்டுக் காட்டாதீர்கள்.