இரண்டு 100 வாட் பனல், தொடராகவா சமாந்தரமாகவா? திருகோணமலைக் கரையோரப் பாவனையில் கண்டவை

உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து வீடொன்றில் இரண்டு 100 வாட் பனல், ஒரு 12 வோல்ட் 100 அம்பியர்-மணி ஈய அமிலப் பற்றரி, நடுவில் ஒரு சார்ஜ் கொன்ட்ரோலர். லைட், டீசி ஃபான், போன் சார்ஜ் இவ்வளவுக்கும் இது போதும். புதிதாகப் பூட்டுகிறவர் முதலில் கேட்பது, இரண்டு பனலையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொழுவுவதா, பக்கம்பக்கமாகக் கொழுவுவதா என்பதைத்தான். காகிதத்தில் இரண்டும் 200 வாட். ஆண்டுக்கணக்கில் வெயிலிலும் உப்புக்காற்றிலும் ஓடும்போது இரண்டும் ஒன்றில்லை.

முதலில் பனலின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் லேபலைப் பாருங்கள். 12 வோல்ட் வகை 100 வாட் பனலில் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
Pmax  100 W
Vmp   18.0 V
Imp   5.56 A
Voc   22.0 V
Isc   6.0 A
```

Vmp, Imp இரண்டும் பனல் முழுத் திறனில் வேலை செய்யும்போது வரும் அழுத்தமும் மின்னோட்டமும். Voc என்பது எதிலும் கொழுவாமல் திறந்து வைத்திருக்கும்போது வரும் அழுத்தம். Isc என்பது இரண்டு முனையையும் நேரே சேர்த்தால் ஓடும் மின்னோட்டம்.

இந்த 18 வோல்ட் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பழைய வகைப் பனலின் கண்ணாடிக்குக் கீழே 36 கலங்கள் தெரியும். ஒவ்வொரு கலத்தின் முகத்திலும் ஓடும் மெல்லிய வெள்ளிக் கோடு அடுத்த கலத்துக்கு அடியில் போய் மறையும். அதாவது ஒரு கலத்தின் முன்பக்கம் அடுத்ததன் பின்பக்கத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறது. ஒரு சிலிக்கன் கலம் வேலை செய்யும்போது தருவது சுமார் அரை வோல்ட். அது பெரிதானாலும் சிறிதானாலும் அரை வோல்ட்தான். 36 கலம், 36 அரை வோல்ட், ஆக 18. மின்னோட்டமோ கலத்தின் பரப்பையும் அதில் விழும் வெளிச்சத்தையும் பொறுத்தது. பாதி வெளிச்சம் என்றால் மின்னோட்டமும் கிட்டத்தட்டப் பாதி. ஆகவே பனலே ஏற்கனவே தொடராகக் கொழுவிய ஒன்றுதான். இரண்டாவது பனலை அதே மாதிரி இணைத்தால் 36 கலம் 72 ஆகிறது, அவ்வளவே.

தொடராக இணைக்கும்போது முதல் பனலின் கழித்தல் முனை இரண்டாம் பனலின் கூட்டல் முனையில் சேர்கிறது. மின்னேற்றம் போவதற்கு ஒரே ஒரு பாதை. ஒரு பனலில் 18 வோல்ட் அளவு சக்தி ஏறிய அதே மின்னேற்றம் அடுத்ததில் இன்னொரு 18 வோல்ட் அளவு ஏறுகிறது. அதனால் அழுத்தம் கூடுகிறது. ஆனால் வழியில் எங்கும் புதிதாக வந்து சேரும் கிளை இல்லை. முதல் பனலுக்குள் ஒரு விநாடியில் எவ்வளவு போகிறதோ அவ்வளவுதான் இரண்டாவதிலும் போக முடியும். அதனால் மின்னோட்டம் 5.56 அம்பியரிலேயே நிற்கிறது.

சமாந்தரத்தில் இரண்டு கூட்டல் முனைகளும் ஒரு வயரில், இரண்டு கழித்தல் முனைகளும் இன்னொரு வயரில் சேர்கின்றன. ஒரே வயரில் ஒரே இடத்தில் இரண்டு வேறு அழுத்தங்கள் இருக்க முடியாது. ஆகவே அழுத்தம் 18 வோல்ட்தான். ஆனால் சந்தியில் இரண்டு கிளைகளிலிருந்தும் 5.56 அம்பியர் வீதம் வந்து சேர்கிறது, அது முழுவதும் பொது வயரில் ஓடியே ஆக வேண்டும்.

```
தொடர்:       18 V + 18 V = 36 V,   5.56 A            -> 200 W
சமாந்தரம்:   18 V,   5.56 A + 5.56 A = 11.12 A       -> 200 W
```

இதை மல்டிமீற்றரால் ஐந்து நிமிடத்தில் சரிபார்க்கலாம். நல்ல வெயிலில், கொன்ட்ரோலரில் கொழுவாமல், டீசி வோல்ட் நிலையில் அளவிடுங்கள். ஒரு பனலில் 20 முதல் 22 வரை வரும். தொடராகக் கொழுவினால் 40 முதல் 44 வரை. சமாந்தரமாக என்றால் மறுபடியும் 20 முதல் 22. தொடரில் சுழியத்துக்குக் கிட்ட வந்தால் ஒரு பனல் தலைகீழாகக் கொழுவப்பட்டிருக்கிறது. மின்னோட்டம் அளக்கும்போது மட்டும் கவனம். சாதாரண மீற்றரின் அம்பியர் துளை 10 அம்பியருக்குத்தான். சமாந்தரத்தில் இரண்டு Isc சேர்ந்தால் 12. மீற்றருக்குள் இருக்கும் பியூஸ் போய்விடக்கூடும். ஒவ்வொரு பனலையும் தனித்தனியே அளந்து கூட்டிக்கொள்ளுங்கள், அல்லது டீசி அளக்கும் கிளாம்ப் மீற்றர் பாவியுங்கள்.

எந்த இணைப்பு என்பதை முதலில் தீர்மானிப்பது கொன்ட்ரோலர்தான். மலிவான பி.டபிள்யூ.எம். வகை, பனலை நேராகப் பற்றரியோடு சேர்த்துச் சேர்த்து விலக்கும் ஒரு சுவிட்ச் மட்டுமே. பற்றரி 13 வோல்ட்டில் இருந்தால் பனலும் 13 வோல்ட்டுக்கு இழுக்கப்படும். தொடராகக் கொழுவிய 36 வோல்ட்டையும் அது 13க்கு இழுத்துவிடும். மின்னோட்டமோ 6 அம்பியருக்கு மேல் வராது. 13 × 6 என்றால் 78 வாட். 200 வாட் பனலுக்குக் காசு கொடுத்து ஒரு பனலின் வேலையைக்கூட முழுதாக எடுக்க முடியாது. இதே கொன்ட்ரோலரில் சமாந்தரமாகக் கொழுவினால் 12 அம்பியர் வரை, அதாவது 150 வாட்டுக்குச் சற்றுக் கூட வரும். பி.டபிள்யூ.எம். என்றால் 12 வோல்ட் பற்றரிக்குச் சமாந்தரம் மட்டும்தான். இதில் வேறு பேச்சு இல்லை.

எம்.பி.பி.டி. வகை வேறு. அது கூடிய அழுத்தத்தைக் குறைத்து, அதற்கு ஈடாக மின்னோட்டத்தைக் கூட்டித் தரும். 36 வோல்ட், 5.5 அம்பியர் உள்ளே போனால், மாற்றும்போது ஐந்து வீதம் அளவு இழந்து, 13.5 வோல்ட்டில் ஏறத்தாழ 14 அம்பியராக வெளியே வரும். இப்போது இரண்டு இணைப்பும் சாத்தியம். திருகோணமலை வெயில் தன் கணக்கைக் காட்டுவது இங்கேதான்.

லேபலில் உள்ள எண்கள் கலம் 25 பாகை செல்சியசில் இருக்கும்போது அளந்தவை. கச்சான் காற்று வீசும் மாதங்களில், தகரக் கூரையோடு ஒட்டிப் பூட்டிய பனலின் சூடு நண்பகலில் 60 பாகையைத் தொடும். சூடு ஏற ஏற அழுத்தம் குறையும், வேலை செய்யும் அழுத்தத்தில் பாகைக்கு ஏறக்குறைய 0.4 வீதம். 35 பாகை கூடினால் 14 வீதம் போய்விடும். லேபலின் 18 வோல்ட் கூரையில் 15.5 ஆகிறது.

அதோடு வயரையும் சேருங்கள். கூரையிலிருந்து கொன்ட்ரோலருக்கு 10 மீற்றர் என்றால் போய்வர 20 மீற்றர். 4 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில், வெயிலில் சூடான நிலையில், அதன் தடை ஏறத்தாழ 0.1 ஓம்.

```
சமாந்தரம்:   11 A × 0.1 ohm = 1.1 V    (இழப்பு 12 W)
தொடர்:       5.5 A × 0.1 ohm = 0.55 V  (இழப்பு 3 W)
```

மின்னோட்டம் பாதியானால் இழப்பு நான்கில் ஒன்றாகிறது. ஆனால் வாட் கணக்கை விட முக்கியமானது மிஞ்சும் அழுத்தம். சமாந்தரத்தில் 15.5 இலிருந்து 1.1 கழிய, கொன்ட்ரோலர் வாசலில் 14.4 வோல்ட்தான். ஈய அமிலப் பற்றரி நிரம்பும் இறுதிக் கட்டத்தில் கேட்பதும் அதே 14.4. எம்.பி.பி.டி.க்குக் குறைத்துத் தருவதற்கு எதுவுமே மிஞ்சவில்லை. பற்றரி நிரம்பாமலே போய்விடும் என்று சொல்ல முடியாது. மின்னோட்டம் குறையக் குறைய பனல் அழுத்தம் சற்று ஏறிக்கொள்ளும். ஆனால் கடைசிக் கட்டம் இழுபடும். ஃபானும் பகலில் ஓடினால், பின்னேரம் முகில் வந்தால், அன்றைக்கு நிரம்பாது. நாளுக்கு நாள் அரைகுறையாக நிற்கும் பற்றரியின் தகடுகளில் ஈய சல்பேற்று இறுகிப் படியும், கொள்ளளவு குறையும். கடைசியில் பற்றரி மோசம் என்று அதை மாற்றுவார்கள். பிழை இருந்தது இணைப்பில். தொடரில் அதே நண்பகலில் 31 வோல்ட் இருக்கிறது, வயரில் அரை வோல்ட் போனாலும் 30க்கு மேல் மிஞ்சும்.

ஆகவே இந்தக் கரையில் எம்.பி.பி.டி. பூட்டியிருந்தால், இரண்டு பனலும் ஒரே வகையாக இருந்தால், தொடர்தான் சரி. கூரையோடு ஒரு சாண் இடைவெளி விட்டுப் பூட்டினால் காற்றோடி சூடும் கொஞ்சம் இறங்கும்.

நாட்பட்ட பாவனையில் உப்புக்காற்று செய்யும் வேலையும் இரண்டு இணைப்பிலும் வேறுவேறாகத் தெரியும். பனல் வயர்களைச் சேர்க்கும் எம்.சி.4 கனெக்டர் சரியாக 'க்ளிக்' என்று பூட்டப்படாவிட்டால் உள்ளே ஈரம் போய் ஊசி பச்சை பிடிக்கும், தடை ஏறும். தொடரில் ஒரு கனெக்டர் கெட்டால் முழு அமைப்பும் விழுந்துவிடும், உடனே தெரியும். சமாந்தரத்தில் ஒரு பனல் மட்டும் அமைதியாக விலகிக்கொள்ளும். அழுத்தம் வழமைபோல 18, 20 என்று காட்டும். மின்னோட்டம் மட்டும் 11 வர வேண்டிய இடத்தில் 5. மாரியில் முகில் காரணம் என்று நினைத்து மாதக்கணக்கில் விட்டுவிடுவார்கள்.

இந்தப் பிழையைத் திறந்த நிலை அழுத்தத்தால் பிடிக்க முடியாது. மின்னோட்டம் ஓடாதபோது பச்சை பிடித்த ஊசியிலும் அழுத்தம் விழாது, மீற்றர் தொடரில் 44, சமாந்தரத்தில் 22 என்றே காட்டும். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது கொன்ட்ரோலர் முனையில் அளந்து பாருங்கள். அப்போது விழும். கெட்ட கனெக்டர் கையில் தொட்டாலே சுடும். கழற்றுவதற்கு முன் பனலை ஒரு சாக்கால் மூடுங்கள். ஓடும் மின்னோட்டத்தில் கழற்றினால் டீசி மின்வில் பாய்ந்து ஊசியைக் கருக்கிவிடும்.

நிழலுக்குச் சமாந்தரம் நல்லது என்பது பாதி உண்மை. தென்னோலை ஒரு பனலின் ஒரு பக்கத்தில் விழுந்தால், பின்பெட்டிக்குள் இருக்கும் பைபாஸ் டயோட்டு அந்தப் பக்கத்து 18 கலங்களையும் தாண்டி மின்னோட்டத்தைப் போகவிடும். தொடரில் 36க்குப் பதில் 26 வோல்ட் கிடைக்கும், மின்னோட்டம் குறையாது. சமாந்தரத்தில் அந்தப் பனல் 9 வோல்ட்டுக்கு இறங்கினால் 12 வோல்ட் பற்றரிக்கு அது உதவாது, முழுப் பனலும் போச்சு. ஒரு பனல் முழுக்க மர நிழலிலும் மற்றது வெயிலிலும் நிற்கும் கூரைக்குத்தான் சமாந்தரம் பொருந்தும்.

மூன்றாவது பனல் வாங்குகிறவர்கள் கொன்ட்ரோலரின் உச்ச உள்ளீட்டு அழுத்தத்தை முதலில் பார்க்க வேண்டும். கணக்குக்கு எடுக்க வேண்டியது Vmp அல்ல, Voc. இரண்டு பனலுக்கு 44 வோல்ட், 50 வோல்ட் கொன்ட்ரோலர் தாங்கும். மூன்று தொடரானால் 66, அதிகாலைக் குளிர்ச்சியில் இன்னும் சற்றுக் கூட. முதல் வெயிலிலேயே உள்ளே சுவிட்சாக வேலை செய்யும் மொஸ்பெட் வெடித்துவிடலாம், உத்தரவாதமும் கிடைக்காது. 100 வோல்ட் கொன்ட்ரோலர் என்றால் மூன்றும் தொடரில் தாராளமாகப் போகும். மூன்றையும் சமாந்தரமாக்கினால், ஒரு பனல் பழுதாகும்போது மற்ற இரண்டும் சேர்ந்து 12 அம்பியரை அதற்குள் தள்ள முடியும். அதனால் ஒவ்வொரு பனலின் கூட்டல் வயரிலும் லேபல் சொல்லும் அளவில், பெரும்பாலும் 10 அல்லது 15 அம்பியரில், டீசி பியூஸ் ஒன்று போட வேண்டும். இரண்டு பனலுக்கு அது தேவையில்லை, ஏனெனில் மற்றதிலிருந்து வரக்கூடியது 6 அம்பியர் மட்டுமே.