ஒரு பெரிய லிஃப்டா, இரண்டு சிறியவையா?

தரைத்தளத்துக்கு மேல் ஒன்பது மாடி, மாடிக்கு நான்கு வீடு. வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 144 பேர். 13 பேர் ஏறும், விநாடிக்கு 1.5 மீட்டர் ஓடும் ஒரே லிஃப்ட் முதல் யோசனை. 8 பேருக்கான, விநாடிக்கு 1 மீட்டர் ஓடும் இரண்டு லிஃப்டுகள் மற்றொன்று.

நெரிசல் கணக்கில் பார்ப்பது, ஐந்து நிமிடத்தில் எத்தனை பேரைக் கொண்டுபோகும் என்பதை. குடியிருப்புக்கு மொத்தப் பேரில் 7.5 சதவீதம் போதும். இங்கே 11 பேர். 80 சதவீதம் நிரம்பினால் பெரியது ஏறத்தாழ 26 பேரையும், சிறியவை இரண்டும் சேர்ந்து 35 பேரையும் கொண்டுபோகும். ஆக, கொள்ளளவைப் பற்றிய சண்டையே வீண்.

வித்தியாசம் காத்திருப்பில் இருக்கிறது. பெரியது ஒரு சுற்று முடிக்க ஏறக்குறைய 120 விநாடி. சிறியதற்கு 110தான்; இரண்டு இருப்பதால் 55 விநாடிக்கு ஒன்று தரைத்தளத்துக்கு வரும். வேகம் ஏன் கைகொடுக்கவில்லை? நேரத்தின் பெரும்பகுதியைத் தின்பவை கதவு திறந்து மூடுவதும் ஆட்கள் ஏறி இறங்குவதும்தான். கூட்டம் கூடினால் நிறுத்தங்களும் கூடும்.

பழுதானால் ஒற்றை லிஃப்டுக்கு மாற்று படிக்கட்டு மட்டுமே. ஆனால் 8 பேர் அறை 1.1க்கு 1.3 மீட்டர், குறுக்காக வைத்தாலும் ஸ்ட்ரெச்சர் முழு நீளத்துக்கு நுழையாது. நான் இரண்டையே எடுப்பேன், ஒன்றை மட்டும் ஸ்ட்ரெச்சர் நுழையும் ஆழத்தில் 13 பேருக்கானதாக.