காண்ட்டின் வாதமா, அரிச்சந்திரனின் வாழ்வா?

பொய் சொல்லக் கூடாது என்பதை இரண்டு வழிகளில் கற்கலாம். 1797-இல் ஜெர்மன் தத்துவவாதி காண்ட் ஒரு கட்டுரை எழுதினார். நண்பனைக் கொல்லத் தேடி வருபவன் கேட்டாலும் பொய் கூடாது என்பது அவர் வாதம். படிப்பவர் உடனே மறுப்புத் தேடுவார். அதுதான் வாதத்தின் பலம்: யாரும் எழுந்து எதிர்த்துக் கேட்கலாம். ஆனால் அதைப் படித்து அழுதவர் யாராவது இருப்பார்களா?

சிறுவன் காந்தி அரிச்சந்திரன் நாடகம் பார்த்து அழுதார். மனதுக்குள் எண்ணற்ற முறை அதை நடித்தும் பார்த்ததாகத் தன் சுயசரிதையில் சொல்கிறார். எல்லோரும் ஏன் அரிச்சந்திரன் போல இருக்கக் கூடாது என்ற கேள்வி அவரை விடவில்லை. உண்மைக்கு என்ன விலை கொடுக்க வேண்டிவரும், கொடுத்தபின் ஒருவர் எப்படி நிற்பார் என்பதை வாழ்க்கைதான் காட்டுகிறது. அந்த வகையில் எனக்கு அரிச்சந்திரனே பெரிய ஆசிரியன்.

ஆனால் அதே கதையில் அவன் சொன்ன சொல்லைக் காக்க மனைவியையும் மகனையும் விற்கிறான். சந்திரமதியை விற்க அவனுக்கு என்ன உரிமை? கண்ணீரோடு பார்ப்பவர் இதைக் கேட்பதில்லை. வியப்பு அந்தக் கேள்வியை மூடிவிடுகிறது. இங்கே வாதம் வேண்டும்.

வியப்பு பக்தியானதை அடையாளம் காண ஒரு வழி உண்டு. நாயகனின் ஒரு பிழையைச் சொன்னால் பதில் வருகிறதா, கோபம் வருகிறதா என்று பாருங்கள். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எச்சரித்தது இதைத்தான்: அரசியலில் பக்தி சர்வாதிகாரத்துக்கே இட்டுச்செல்லும்.