வெளியே குழாய் வாய், உள்ளே வழியில்லை: எங்கள் தடுப்புச் சுவர் சாய்ந்த கதை

கோத்தகிரியில் சரிவில் இருக்கும் எங்கள் வீட்டின் பின்புற மேட்டைத் தாங்குவதற்காக, 40 அடி நீளமும் 8 அடி உயரமும் கொண்ட கருங்கல் தடுப்புச் சுவரைக் கட்டும் வேலையை ஓர் ஒப்பந்ததாரரிடம் ஒப்படைத்தேன். நீர் வடிவதற்கான 3 அங்குல பி.வி.சி. குழாய்களின் வாய்கள் சுவரின் முகத்தில் இரண்டு வரிசையாகத் தெரிந்ததால், மார்ச் மாதத்தில் முழுத் தொகையையும் கொடுத்துவிட்டேன்.

நவம்பர் அடைமழையின் மூன்றாம் நாளில், அந்தக் குழாய்களில் ஒன்றிலிருந்துகூட ஒரு சொட்டு நீர் வரவில்லை. ஆனால் கல் இணைப்புகளில் ஈரம் படர்ந்திருந்தது. உச்சியில் சுவருக்கும் மண்ணுக்கும் இடையே விரல் நுழையும் அளவுக்குப் பிளவு தெரிந்தது. செங்குத்தாகக் கட்டப்பட்ட முகத்தின் உச்சியிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டபோது, அடியில் குண்டு சுவரிலிருந்து 2 அங்குலம் விலகி நின்றது. ஒரு கம்பியை எடுத்துக் குழாய்களுக்குள் செருகிப் பார்த்தேன். அடியில் 4 அடி அகலமுள்ள சுவரில், ஒவ்வொரு குழாயிலும் கம்பி 9 அங்குலத்திலேயே சிமெண்டில் முட்டி நின்றது. பார்வைக்காகக் குழாய்த் துண்டுகளை முகத்தில் பதித்திருக்கிறார்கள்.

"மலையில் மண் தள்ளத்தான் செய்யும் சார்" என்றார் ஒப்பந்ததாரர். மண் தள்ளும் என்பது உண்மைதான். அதைத் தாங்கத்தானே சுவர். 8 அடிச் சுவரை, நீர் நன்கு வடியும் சாதாரண மண் ஓரடி நீளத்துக்கு ஏறக்குறைய அரை டன் விசையோடு தள்ளும். அதே மண்ணில் உச்சிவரை நீர் தேங்கினால், நீரின் அழுத்தமும் சேர்ந்து அது இரண்டு மடங்குக்கும் மேலாகிவிடும். அந்த விசை சுவரை அதன் முன்பாதத்தின் மேல் கவிழ்க்கப் பார்க்கிறது. ஊறி இளகிய அடிமண் முன்பாதத்தின் கீழே அமுங்க, சுவர் வெளிப்புறம் சாய்கிறது.

மழை ஓய்ந்தபின் பொறியாளர் ஒருவர் முன்னிலையில் பின்புறத்தைத் தோண்டினோம். ஜல்லியே இல்லை, வெட்டியெடுத்த செம்மண்ணும் உடைந்த செங்கலும் காலி சிமெண்ட் சாக்குகளும் கிடந்தன. அங்கே சுவரை ஒட்டி ஓரடி அகலத்துக்குத் தூசியில்லாத ஜல்லியும், மண் அதற்குள் புகாதபடி வடிகட்டித் துணியும், அடியில் சரிவாகப் போடப்பட்ட துளைக்குழாயும் இருந்திருக்க வேண்டும். முகத்திலிருந்து புதிதாகத் துளையிட்டுத் தருவதாக ஒப்பந்ததாரர் சொன்னதைப் பொறியாளர் ஏற்கவில்லை. வடிகட்டி இல்லாத துளை வழியே நீரோடு மண்ணும் கரைந்து வந்து பின்னால் குழி விழும். அல்லது சில மழைகளில் துளையே அடைத்துக்கொள்ளும். சாய்ந்த சுவரை நிமிர்த்தவும் இயலாது என்பதால், அதைப் பிரித்து மீண்டும் கட்டினோம்.

இம்முறை 5 அடிக்கு ஒன்றாக, வரிசைக்கு வரிசை இடம் மாற்றி, முன்பக்கம் சற்றே தாழும்படி 15 குழாய்கள் சுவரின் முழு அகலத்துக்கும் போடப்பட்டன. பின்புறம் திறந்திருக்கும்போதே ஒவ்வொன்றிலும் ஹோஸ் வைத்து நீர் விட்டு, அது முன்னால் வழிவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஜல்லி கொட்டச் சொன்னேன்.