சொந்த மைக்கோடு மேடை ஏறிய அனுபவம்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் கல்யாண வரவேற்புகளையும் பள்ளி ஆண்டு விழாக்களையும் தொகுத்து வழங்குகிறேன். எனக்குக் குரல் கணீரென்று இருக்கும். ஆனாலும் மைக்செட்காரர் தரும் கார்ட்லெஸ்ஸை நம்பி மேடை ஏறுவதை விட்டுப் பல வருஷமாகிறது. ஒரு மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டாரை அழைக்கும் நேரத்தில் பேட்டரி தீர்ந்து, பாதிப் பேரின் பெயர் யாருக்கும் கேட்கவில்லை. அதற்கு அப்புறம் வாங்கியதுதான் ஒயர் வைத்த ஷூர் எஸ்எம்58. 1966-இல் வந்த மாடல், இன்றும் விற்கிறது.

இந்த மைக் முன்பக்கச் சத்தத்தை நன்றாக வாங்கும், வால் பக்கத்துச் சத்தத்தை மிகக் குறைவாகத்தான் வாங்கும். அதனால் ஸ்பீக்கர் பெட்டிகள் மேடையின் முன் விளிம்பில் இருந்தால், நான் அவற்றுக்குப் பின்னால்தான் நிற்பேன். பேசிக்கொண்டே பெட்டிக்கு முன்னால் இறங்கிப் போனால் 'கூ' என்று கத்தும்.

கத்தலுக்கு இன்னொரு காரணம் கை. சமீபத்தில் பெண் வீடு தமிழ், மாப்பிள்ளை வீடு மலையாளம் என்று ஒரு வரவேற்பு. வாழ்த்துப் பேச வந்த பெரியவர் வலைத் தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடித்தார். பொத்தினால் பின்பக்கத் துளைகள் அடைபட்டு, மைக் எல்லாத் திசையிலிருந்தும் சத்தம் வாங்கும். மைக்செட்காரர் வால்யூமைக் குறைத்தார், கத்தல் நின்றது, பெரியவர் பேச்சும் கேட்கவில்லை. நான் போய் அவர் கையை மெல்லக் கீழே இறக்கி வைத்ததும் சரியாயிற்று. இப்போதெல்லாம் கழுத்தை நான் பிடித்துக்கொண்டு, வால் பகுதியை அவர்கள் பக்கமாக நீட்டுகிறேன். கை தானாக அங்கே போய்விடும்.

வாயிலிருந்து இரண்டு விரல் தூரம் போதும். ஒட்டிப் பேசினால் குரலின் தாழ்ந்த ஒலி கூடி, கனத்த குரல்காரர் பேச்சு மந்தமாகிவிடும். 'ப' வரும் இடங்களில் காற்று அடிக்கும். மைக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் சாய்த்தால் அது குறையும்.

இதில் சுவிட்ச் உள்ளதும் இல்லாததும் உண்டு. பள்ளி விழாவுக்கு இல்லாததே நல்லது. கவிதை சொல்ல வரும் குழந்தை தெரியாமல் அணைத்துவிட்டு வாயசைத்துக்கொண்டிருக்கும். கல்யாணத்தில் கெட்டிமேளம் கொட்டும்போது மைக் அடங்கியே ஆக வேண்டும். அதற்குச் சுவிட்ச் இருந்தால் மைக்செட்காரரைத் தேட வேண்டாம்.

குறை என்றால் ஒயர்தான். பழைய ஆம்ப்ளிஃபயர்களில் மூன்று முனை சாக்கெட் இருக்காது. அதற்காக மறுமுனையில் தடித்த ஒற்றை ஜாக் வைத்த ஒயரும் பையில் வைத்திருக்கிறேன். ஆனால் அந்த ஒயர் நீளமானால் 'உம்ம்' என்ற இரைச்சல் சேரும், அதனால் ஆம்ப்ளிஃபயரை மேடைப் பக்கம் வைக்கச் சொல்வேன்.

பலர் வாய் பட்ட மைக் நாறும். வலைத் தலையைத் திருகிக் கழற்றித் தண்ணீரில் கழுவலாம். உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சு நன்றாகக் காய்ந்த பிறகே திரும்ப மாட்டுவேன், மழைக்காலத்தில் அதற்கு ஒரு ராத்திரி பிடிக்கும்.