அறுபது பேர், ஒரே படம்: எடுத்துக்கொண்டே இருப்பதா, முகத்தை மாற்றுவதா?

பினாங்கில் ஒரு வைகாசி முகூர்த்தம். மண்டப வாசல் படிகளில் அறுபது உறவினர்கள் நின்றார்கள். இப்படி ஒரு கூட்டத்தில் எல்லாருடைய கண்ணும் திறந்த படம் வேண்டுமென்றால் இரண்டு வழிகள் உண்டு. அப்படியொரு படம் அமையும்வரை எடுத்துக்கொண்டே இருக்கலாம். அல்லது கேமராவை டிரைபாடில் பூட்டிச் சில படங்கள் எடுத்து, மூடிய கண்களைப் பிறகு மாற்றலாம்.

முதல் வழிக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பியர்ஸ் பார்ன்ஸ், நிக் ஸ்வென்சன் இருவரும் அதைப் போட்டு, முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசை 2006இல் பெற்றார்கள். ஒருவர் நிமிடத்துக்குப் பத்து முறை இமைக்கிறார், ஒவ்வோர் இமைப்பும் கால் நொடி என்று வைத்துக்கொண்டால், எந்தக் கணத்திலும் 24 பேரில் ஒருவருடைய கண் மூடியிருக்கும். அறுபது பேரில் இரண்டு மூன்று பேர். ஆகவே பதின்மூன்று படங்களில் ஒன்றுதான் தேறும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு உறுதி வேண்டுமென்றால் 57 படங்கள் எடுக்க வேண்டும். வெயிலில் பட்டுப்புடவையோடு அத்தனை நேரம் யார் நிற்பார்கள்?

இரண்டாம் வழியில் ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒரு படத்தில் கண் திறந்திருந்தால் போதும். மூன்றே படங்கள் எடுத்தாலும், ஒருவராவது மூன்றிலும் கண் மூடியிருக்கும் வாய்ப்பு 230இல் ஒன்றுதான். நான் எட்டு எடுத்தேன்; சிரிப்பும் பார்வையும் அமைய வேண்டுமே. ஒவ்வொரு படத்துக்கும் இடையே இரண்டு நொடி விட்டேன். நொடிக்குப் பத்துப் படம் எனத் தொடர்ந்து அழுத்தினால் ஒரே இமைப்பு இரண்டு மூன்று படங்களில் விழும்; எண்ணிக்கை ஏறுமே தவிரப் பயன் ஏறாது. ஃபிளாஷைத் தானியங்கி முறையில் வைக்கவில்லை. அது அளவு பார்க்க முன்கூட்டியே ஒருமுறை மின்னும்; கண் கூசுகிறவர்கள் அதற்கே இமைத்துவிடுவார்கள்.

நான்காம் படத்தை அடிப்படையாக வைத்தேன். அதில் மூவரின் கண் மூடியிருந்தது. கண்ணை மட்டும் வெட்டி ஒட்டினால் பார்வை பொருந்தாது. தலை முழுவதையும் கழுத்து மாலை வரை மாற்றினேன். இரண்டு பேருக்குச் சில நிமிடங்களே ஆயின. மூன்றாவது, மடியில் இருந்த குழந்தை. எட்டுப் படங்களிலும் அது வெவ்வேறு பக்கம் சாய்ந்திருந்ததால், பின்னால் தெரிந்த புடவைக் கரையையும் சேர்த்து மாற்ற வேண்டியிருந்தது. இந்த வழியின் எல்லை அதுதான்: அசைகிறவர்கள் கூடக்கூட வேலையும் கூடும்.

மறைந்த முகத்துக்கோ இரண்டு வழியுமே உதவாது. எட்டுப் படத்திலும் மறைந்திருப்பவரை எங்கிருந்து எடுப்பது? அதனால் ஏணியில் ஏறி, தலைகளுக்கு மேலிருந்து சற்றுக் கீழ்நோக்கி எடுத்தேன். எடுப்பதற்கு முன் ஒன்று கேட்டேன்: "லென்ஸ் உங்கள் இரண்டு கண்ணுக்கும் தெரிகிறதா?" ஒரு கண்ணுக்கு மட்டும் தெரிந்தால் பாதி முகம் யாருக்கோ பின்னால் இருக்கிறது. கடைசி வரிசையில் தலைப்பாகை கட்டிய மாமாவுக்குப் பின்னால் நின்ற பெண் கை தூக்கினாள். அரையடி இடப்பக்கம் நகரச் சொன்னேன். பிறகுதான் முதல் படத்தை எடுத்தேன்.