இரண்டு வாரம் தாண்டிய தொண்டை வலி: மூக்குச் சளியா, இரைப்பை அமிலமா?

வைரஸால் வரும் சாதாரணத் தொண்டை வலி பெரும்பாலும் ஒரு வாரத்தில் தணிந்துவிடும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவால் வருவதும் 10 நாளுக்கு மேல் நீள்வது அரிது. இரண்டு வாரம் கடந்தும் வலி நிற்கவில்லை என்றால், புதிதாக ஒரு கிருமியைத் தேடுவதைவிட, தொண்டையின் சவ்வை நாள்தோறும் உறுத்திக்கொண்டிருப்பது எது என்று தேடுவதே பயன் தரும். இந்தக் கட்டத்தில் பஞ்சுக்குச்சியால் தொண்டையைத் தடவிச் செய்யும் பரிசோதனை குழப்பத்தையும் உண்டாக்கலாம். நோய் எதுவும் இல்லாமலேயே அந்த பாக்டீரியாவைத் தொண்டையில் சுமப்பவர்கள் இருப்பதால், ‘பாசிட்டிவ்’ என்ற முடிவு வலிக்கான காரணத்தைச் சொல்லிவிட்டதாகக் கொள்ள முடியாது. இளவயதினருக்குக் கடும் சோர்வும் கழுத்தில் நெறிக்கட்டும் சேர்ந்திருந்தால் மட்டும் எப்ஸ்டைன்-பார் வைரஸை நினைத்து ரத்தப் பரிசோதனை செய்வது பொருந்தும்.

புகை, தூசு, ஓயாமல் குரலெடுத்துப் பேசுவது ஆகியவையும் தொண்டையை உறுத்தும். ஆனால் கேட்டவுடன் தெரிந்துவிடுபவை அவை. மருத்துவரைத் தயங்க வைப்பவை இரண்டு: மூக்கின் பின்வழியாகத் தொண்டைக்குள் வடியும் சளி, இரைப்பையிலிருந்து தொண்டை வரை ஏறும் அமிலம். இரண்டிலும் செருமல், ஏதோ ஒட்டியிருப்பது போன்ற உணர்வு, காலையில் கூடும் எரிச்சல் ஆகியவை உண்டு. இதனால்தான் அறிகுறிகளை மட்டும் கேட்டு ஒன்றைத் தேர்ந்தெடுப்பது அடிக்கடி பொய்த்துப் போகிறது.

ஆயினும் சில வேறுபாடுகள் உதவும். மூக்கடைப்பு, அடுக்குத் தும்மல், இரவில் வாய் திறந்து உறங்குவது, எழுந்தவுடன் நாவறட்சி ஆகியவை மூக்கின் பக்கம் சுட்டுகின்றன. உண்டபின் அல்லது குனியும்போது கூடும் எரிச்சலும் புளிப்பு நீர் மேலேறுவதும் இரைப்பையின் பக்கம் சுட்டுகின்றன. ஆனால் நெஞ்செரிச்சலே இல்லாமலும் அமிலம் தொண்டையைத் தொடக்கூடும் என்பதால், அது இல்லை என்பது உறுதியான மறுப்பாகாது.

அடுத்த கேள்வி, முதலில் அமிலம் குறைக்கும் மாத்திரையைக் கொடுத்துப் பார்ப்பதா, மூக்கு வழியாகக் கருவியைச் செலுத்தி நேரில் பார்ப்பதா என்பது. மாத்திரை எளிது, எனினும் நான் அதை முதலிடத்தில் வைக்க மாட்டேன். நீடித்த தொண்டைத் தொல்லை உள்ளவர்களிடம் பிரிட்டனில் நடத்தப்பட்டு 2021இல் வெளியான ஓர் ஆய்வில், லான்சோபிரசோல் 30 மில்லிகிராம் மாத்திரையை நாளுக்கு இருமுறை 16 வாரம் உட்கொண்டவர்கள், வெற்று மாத்திரை உட்கொண்டவர்களைவிட மேலான நிவாரணம் அடையவில்லை. இரு தரப்பிலும் தொல்லை ஓரளவு குறைந்தது. ஆகவே மாத்திரைக்குப் பின் குறைந்தது என்பதாலேயே அமிலம்தான் காரணம் என்று முடிவு கட்ட இயலாது.

மூக்கு வழி எண்டோஸ்கோப்பியில், மரக்கச் செய்யும் ஸ்ப்ரே அடித்தபின், சில மில்லிமீட்டர் தடிமனே உள்ள வளையும் குழாயைச் செலுத்தி, மூக்கிலிருந்து குரல்வளை வரை சில நிமிடங்களில் பார்த்துவிடுகிறார்கள். வாயைத் திறந்து டார்ச் அடித்தால் தெரியாத நாவின் அடிப்பகுதியும் இதில் தெரியும். இதற்கும் எல்லை உண்டு. குரல்வளையின் பின்புறச் சிவப்பை அமிலத்தின் அடையாளமாக எழுதிவிடுவது வழக்கம். அதே சிவப்பு நலமாக இருப்பவர்களிடமும் காணப்படுகிறது. அமிலத்தை உறுதிசெய்ய வேண்டுமானால், உணவுக்குழாயில் மெல்லிய குழாயை 24 மணி நேரம் வைத்து அளக்கும் பரிசோதனையே தெளிவான விடை தரும். அது சிரமமானது என்பதால் சிகிச்சை பலிக்காதவர்களுக்கே பெரும்பாலும் எழுதப்படுகிறது.

ஓர் எடுத்துக்காட்டாக, 38 வயது ஆசிரியர் ஒருவரைக் கற்பனை செய்வோம். ஐந்து வாரமாக வலி, காய்ச்சல் இல்லை, இரண்டு முறை ஆன்டிபயாடிக், பிறகு இரண்டு வாரம் அமிலம் குறைக்கும் மாத்திரை, எதிலும் மாற்றமில்லை. வலி காலையில் மிகுந்து நண்பகலில் குறைகிறது, உணவோடு தொடர்பில்லை, இரவில் ஒரு பக்க மூக்கு அடைக்கிறது. எண்டோஸ்கோப்பியில் மூக்கின் உள்மடிப்புகள் வெளிறி வீங்கியிருக்கின்றன, தொண்டையின் பின்சுவரில் சளி வடிகிறது, குரல்வளை சீராக இருக்கிறது. இவருக்கு உப்புநீரால் மூக்கைக் கழுவுவதும் ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரேயும் பொருந்தும். ஸ்ப்ரேயின் முழுப் பலன் தெரியச் சில வாரம் நாள் தவறாமல் அடிக்க வேண்டும். மூக்கின் நடுச்சுவரைப் பார்த்து அடித்தால் ரத்தம் கசியக்கூடும் என்பதால், நுனியைக் காதுப் பக்கமாகச் சாய்த்து அடிக்க வேண்டும்.

இதே மனிதருக்கு வலி ஒரே பக்கத்தில் நிலைத்து, அந்தப் பக்கக் காதிலும் குத்தியிருந்தால், அல்லது விழுங்கச் சிரமம், கழுத்தில் கட்டி, எச்சிலில் ரத்தம், காரணமற்ற எடைக்குறைவு, மூன்று வாரம் தாண்டிய குரல் கம்மல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்திருந்தால், மூக்கா இரைப்பையா என்ற ஒப்பீட்டுக்கே இடமில்லை. புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்யும் வரை எந்த மாத்திரையையும் சோதித்துக்கொண்டு நாளைக் கடத்தாமல், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் உடனே எண்டோஸ்கோப்பியும், தேவைப்பட்டால் ஸ்கேனும் திசுப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும்.